தண்ணீர் குறைவு என்றால் ஆபத்தில்லையா?

“எக்கோ படத்துல இதயத்தைச் சுத்தித் தண்ணி ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா பயமே இல்லையாம், உண்மையா அக்கா?” (சுங்கை சிப்புட் தோட்டத்து வாட்சாப் குழுவில்)

இல்லை தம்பி. அளவைவிட, சேரும் வேகம்தான் முக்கியம். மெல்லச் சேர்ந்தால் இதய உறை விரிந்து ஒரு லிட்டர்கூடத் தாங்கும். திடீரென்று சேர்ந்தால் 200 மில்லிலிட்டரே இதயத்தை நெருக்கிவிடும்.

நான் எக்கோ எடுப்பவள். பேஸ்மேக்கர் வைத்த மறுநாள் ஒரு மாமாவுக்கு மூச்சுத் திணறல். படத்தில் தண்ணீரைக் காட்டும் கறுப்புப் பட்டை 8 மில்லிமீட்டர்தான். அது இறங்கு பெருந்தமனிக்கு முன்னால் நுழைந்திருந்ததால் இதய உறைக்குள் இருப்பது உறுதி. நுரையீரல் உறை நீராக இருந்தால் அந்தத் தமனிக்குப் பின்னால் தெரியும். அப்புறம் வலது கீழறையைப் பார்த்தேன். மைட்ரல் வால்வு திறந்திருந்தது, அதாவது கீழறைகள் நிரம்பும் நேரம். அப்போது வெளியே வளைந்து நிற்கவேண்டிய சுவர் உள்ளே குழிந்திருந்தது. அதுதான் நெருக்கத்தின் அடையாளம். அன்றே ஊசி செலுத்தி, உறைக்குள் சேர்ந்திருந்த ரத்தத்தை வெளியே எடுத்தார்கள்.

எல்லாமே அசையாத நிலைப்படத்தில் இப்படிப் பிடிபடாது. உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை வீங்கியிருப்பது அதில் தெரியும். ஆனால் மூச்சிழுக்கும்போது அது சுருங்குகிறதா என்பது அசையும் படத்தில்தான் தெரியும். அதனால் மூச்சுத் திணறலோடு ரத்த அழுத்தமும் இறங்கினால், கையில் எந்தப் படம் இருந்தாலும் சரி, 999-ஐ அழையுங்கள்.