முதல் தண்ணீரை சம்புக்குள் விடாதீங்க, எத்தனை தடவைதான் சொல்வது!

இன்று காலை சம்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே டீ டிகாஷன் நிறத்தில் ஆறாயிரம் லிட்டர் நிற்கிறது. தெருவில் பைப் வேலை நடந்ததால் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாய் சீறியதுமே எங்கள் மாம்பலம் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஓடிப்போய் கேட் வால்வை முழுசாகத் திறந்து சம்புக்கு விட்டுவிட்டார். அது போதாதென்று ஆறு மணிக்கே மோட்டாரையும் போட்டு மேல் டேங்க்குக்கும் ஏற்றியாகிவிட்டது. அவரைத் திட்டி என்ன பயன், "தண்ணி நின்னுடும், சீக்கிரம் பிடிங்க அண்ணே" என்று விரட்டியதே நம் வீட்டு ஆட்கள்தான்!

இது ஏன் நடக்கிறது என்று ஒருவராவது யோசிக்கிறார்களா? பழைய இரும்புக் குழாயின் உள்சுவரில் வருஷக்கணக்காகத் துரு படிந்திருக்கும், அடியில் வண்டல் தங்கியிருக்கும். தண்ணீர் ஒரே சீராக ஓடும்வரை அது அசையாது. லைனை நிறுத்தினால் குழாய் காலியாகிக் காற்று நிறைகிறது. மறுபடி திறக்கும்போது தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் பாய்ந்து, படிந்ததையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் கலங்கல் முழுக்க வருவது முதல் தண்ணீரில்தான், நாம் அடித்துப் பிடித்துச் சேமிப்பதும் அதைத்தான்.

எல்லாக் கலங்கலும் ஒன்று இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் பக்கம் வையுங்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்து, ஓரிரு நிமிஷத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக்குமிழ், பயப்பட வேண்டாம். பழுப்பாக இருந்து அரை மணி நேரத்தில் அடியில் செம்பொடி படிந்தால் துரு. கறுப்பாக வந்து சாக்கடை நாற்றம் அடித்தால் கதையே வேறு. லைன் காலியாக இருக்கும்போது விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே போயிருக்கிறது, அதை உடனே மூடிவிட்டுப் புகார் கொடுங்கள், தெளிந்துவிட்டது என்று குடிக்காதீர்கள். தெரு லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிற புண்ணியவான்களே, அந்தச் சாக்கடையை விரிசல் வழியாக இழுப்பது நீங்கள்தான், உங்கள் பிள்ளைகளும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்!

சரி, எப்படிக் கழுவி விடுவது? சம்புக்குப் போகும் வால்வை முந்தின ராத்திரியே மூடி வையுங்கள். சம்புக்கு முன்னால், தெருவுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்கும் குழாயை மட்டும் முழுசாகத் திறங்கள். பழைய வீடுகளில் பள்ளம் தோண்டி வைத்திருப்பார்களே, அந்தக் குழிக்குழாய் இதற்கு அருமை. அப்படி எதுவும் இல்லையென்றால் பிளம்பரைக் கூப்பிட்டு, சம்புக்கு முன் பைப்பில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டுக் குழாய் வைத்துவிடுங்கள். கொஞ்சமாகத் திறந்து சொட்டவிட்டால் வண்டல் நகரவே நகராது, வேகம் வேண்டும்.

வெள்ளை பக்கெட்டில் பிடியுங்கள், அடி தெரிகிறதா என்று பாருங்கள். தெருவிலிருந்து நம் வீட்டுக்கு வரும் அரை இஞ்ச் பைப் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்றால் அதற்குள் நிற்பது சுமார் இரண்டே லிட்டர். அதனால் மூன்று பக்கெட் போன பிறகும் பழுப்பு மாறவில்லை என்றால் அழுக்கு நம் பைப்பில் இல்லை, தெரு லைனில் இருக்கிறது. இன்னும் திறந்துவிட்டுக் காத்திருப்பது வீண், மூடிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். பிடித்ததைக் கொட்ட வேண்டாம், வாசல் கழுவலாம், கக்கூஸுக்கு ஊற்றலாம். தெளிந்த பிறகுதான் சம்பு வால்வு.

எங்களை மாதிரி ஏற்கெனவே மேலே ஏற்றிவிட்டவர்கள் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். மேல் டேங்க்கை அடி வால்வு வழியாக வடித்துக் கழுவி, சம்பில் வண்டல் படிந்தபின் மேல்தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு அடியைக் கழுவுங்கள். வீட்டுக் குழாய்களில் நுனி வலையைக் கழற்றிவிட்டு பச்சைத் தண்ணீர்ப் பக்கம் மட்டும் திறக்க வேண்டும், கீசர் பக்கம் வேண்டாம், வண்டல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆர்ஓ ஃபில்டருக்குப் போகும் குழாயையும், வாஷிங் மெஷின் குழாயையும் எல்லாம் தெளியும்வரை மூடியே வையுங்கள்.

மேல் மாடி அக்கா இதைக் கேட்பதற்குள் பையனின் வெள்ளைச் சட்டையை மெஷினில் போட்டுவிட்டார். மஞ்சளாக வந்ததைப் பார்த்து ப்ளீச்சிங் பவுடர் போட ஓடினார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். துருக்கறைக்கு ப்ளீச் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும் அக்கா, எலுமிச்சம்பழம் இருந்தால் கொண்டு வாங்க என்றேன்.