மூன்று அழைப்புக்கான காத்திருப்பு: சராசரி மட்டும் போதாது

"அடுத்த அழைப்பு வரச் சராசரி 10 நிமிடம், எக்ஸ்பொனென்ஷியல் பரவல். அப்போ மூன்றாவது அழைப்பு வரைக்கும் அதே பரவல்தான், சராசரியை 30 ஆக்கினால் போதும்."

இப்படிக் கணக்குப் போட்டவருக்கு: சராசரி 30 என்பது சரி, பரவல்தான் தவறு. சீரான வேகத்தில், ஒன்றையொன்று சாராமல் வரும் அழைப்புகளில் மூன்று இடைவெளிகளைக் கூட்டினால் கிடைப்பது காமா பரவல். 5 நிமிடத்துக்குள் மூன்றாவது அழைப்பு வந்துவிடும் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கில் அது சுமார் 15%. ஆனால் அதற்கு அந்த 5 நிமிடத்தில் குறைந்தது மூன்று அழைப்பாவது வர வேண்டும், எதிர்பார்ப்பதோ அரை அழைப்பு, அதனால் பாய்சான் வழியில் 1 − e^(−0.5)(1 + 0.5 + 0.125), அதாவது வெறும் 1.4% தான். பத்து மடங்கு வித்தியாசம்! மூன்று இடைவெளியும் ஒருசேரக் குட்டையாக அமைவது அவ்வளவு அரிது. மூன்றும் சேர்ந்து நீள்வதும் அப்படித்தான், திட்ட விலக்கம் 30 இல்லை, 17.3.

இதுவரை எவ்வளவு காத்திருந்தாலும் இனிக் காத்திருக்க வேண்டிய நேரம் மாறாது, அதாவது நினைவின்மை உண்டு என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி. ஒவ்வொரு இடைவெளிக்கும் அது உண்டு, மொத்தத்துக்கு இல்லை, ஏனென்றால் இரண்டு அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தால் மிச்சம் சராசரியாக 10 நிமிடம்தானே. அப்புறம், இரவில் அழைப்பு குறைகிறது என்று தன் தரவைப் போட்டவருக்கு: வேகமே மாறினால் இந்தக் காமாவும் பொருந்தாது, மணிவாரியாகப் பிரித்தால் சரியாகுமா என்பதைத் தரவைப் பார்க்காமல் சொல்ல முடியாது.