அந்த இரட்டை நட்சத்திரக் குறியைப் பார்த்துவிட்டு நான் செய்யவிருந்த தவறு

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா ஒரு எச்சரிக்கையைப் போட்டிருந்தார். 'P/500' என்று எழுதியிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை விழுங்காதீர்கள், அதில் மச்சுபோ என்ற கொடிய வைரஸ் இருக்கிறது என்பது செய்தி. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. பத்திகள் எல்லாம் ஒரே அளவு, தலைப்புக்குத் தலைப்பு ஒரு எமோஜி, "இது வெறும் மாத்திரை அல்ல, உங்கள் உயிருக்கான ஆபத்து" என்று ஒரு வரி.

இயந்திரம் எழுதியது என்று எனக்கு உடனே பட்டது. காரணம், முதல் வரி இப்படி இருந்தது:

```
**அவசர எச்சரிக்கை**
```

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்க இரு பக்கமும் ஒற்றை நட்சத்திரம் போதும். சாட்பாட்கள் பெரும்பாலும் இரட்டை நட்சத்திரம் போட்டுத்தான் எழுதும். அங்கிருந்து நகலெடுத்து அப்படியே ஒட்டினால் அந்தக் குறிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சில செய்திகளில் "இதோ நீங்கள் கேட்ட விழிப்புணர்வுச் செய்தி" என்ற முதல் வரிகூட அழிக்கப்படாமல் வந்துவிடுகிறது.

"இது இயந்திரம் எழுதியது, நம்பாதீர்கள்" என்று பதில் போட விரல் போய்விட்டது. நல்லவேளை, போடவில்லை. ஏனென்றால் அது காரணமே ஆகாது. தமிழில் கோர்வையாக எழுத வராத ஒருவர் உண்மையான தகவலைச் சாட்பாட்டில் கொடுத்துத் திருத்தி வாங்கியிருக்கலாம். அலுவலக அறிவிப்புகளையே இன்று அப்படி எழுதுகிறார்கள். நடையை வைத்து யார் எழுதினார்கள் என்று ஊகிக்கலாம், சொன்னது உண்மையா என்று சொல்ல முடியாது. அந்த ஊகமும் உறுதியில்லை. இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023இல் ஒரு கருவியை வெளியிட்டது. அவர்களுடைய சோதனையில் இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

ஆகவே நடையை விட்டுவிட்டு, அந்த நீளமான செய்தியில் சரிபார்க்கக்கூடிய பெயர் எது என்று தேடினேன். "மருத்துவர்கள் கூறுகின்றனர்" என்றால் எந்த மருத்துவர்? பிடி கிடைக்காது. ஆனால் மாத்திரையின் பெயரும் வைரஸின் பெயரும் இருந்தன. இரண்டையும் ஆங்கில எழுத்தில் `machupo paracetamol` என்று தேடினேன். வதந்தி வேறு மொழியிலிருந்து வந்திருந்தால் தமிழில் மட்டும் தேடினால் மறுப்பு கண்ணில் படாமல் போகலாம்.

கிடைத்தது. 2017லேயே இதே கதை பல நாடுகளில் சுற்றியிருக்கிறது. இந்தோனேசியா, சிங்கப்பூர் நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அப்போதே மறுத்திருக்கின்றன. மச்சுபோ வைரஸ் உண்மையில் உண்டு. பொலிவியாவில் 1963இல் கண்டறியப்பட்டது, அங்குள்ள ஒருவகை எலியால் பரவுவது. வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும், காய்ந்த மாத்திரையில் அதற்கு இடமில்லை. பழைய ஆங்கிலச் செய்தியில் இருந்த "மிக வெள்ளையான, பளபளப்பான மாத்திரை" என்ற விவரம் பெரியம்மா அனுப்பியதிலும் இருந்தது. பழைய வதந்திக்குப் புதுச் சட்டை, அவ்வளவுதான். முன்பெல்லாம் கொச்சையான மொழிபெயர்ப்பே நமக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். இப்போது அந்த உதவி போய்விட்டது என்பதுதான் எனக்குக் கவலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூல அனுப்புநரிடமிருந்து ஐந்து கை, அதற்கு மேல் மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடும். 2020 ஏப்ரலிலிருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் யாராவது நகலெடுத்து ஒட்டிவிட்டால் அது புதுச் செய்தி, அம்புக்குறி போய்விடும். பெரியம்மாவின் செய்தியில் குறியே இல்லை. குறி இல்லாததால் அவரே எழுதினார் என்றும் ஆகாது.

சரி, தேடியும் எதுவுமே வரவில்லை என்றால்? இன்று காலை கிளம்பிய உள்ளூர் வதந்திக்கு மறுப்பு இணையத்தில் இருக்காது. மறுப்பு இல்லை என்பதால் அது உண்மையாகிவிடாது. அப்போது சம்பந்தப்பட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் வழி. செய்திக்குள்ளேயே கொடுத்திருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள், அதுவும் புனைந்ததாக இருக்கலாம். அலுவலகத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ பழைய ரசீதிலிருந்தோ எண்ணை எடுங்கள்.

குழுவில் திருத்தாமல் முதலில் பெரியம்மாவைத் தனியாக அழைத்தேன். "இது உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது பெரியம்மா?" என்று கேட்டேன். தோழி ஒருவர் அனுப்பியதாம். "பிள்ளைகள் அந்த மாத்திரையைப் போடுவார்களே என்று பயந்துதான் போட்டேன்" என்றார். மறுப்பின் இணைப்பை அவருக்கே அனுப்பினேன். அனுப்பி இரண்டு நாள் ஆகாததால் எல்லோருக்கும் அழிக்க வழி இருந்தது, அழித்தார். அப்புறம், தான் அனுப்பிய மற்ற இரண்டு குழுக்களிலும் அந்த இணைப்பைப் போட்டுவிட்டு, தோழிக்கும் அனுப்பினார்.