கைக்கு வந்த முறை அல்ல பிராக்மாட்டிசம்

“பிராக்மாட்டிசம்னா தத்துவமே வேண்டாம், கைக்கு வந்த முறையைப் போட்டுக்கலாம், அதான் சர்வேயும் பேட்டியும் சேர்த்து ஆய்வு பண்ற கலப்பு முறைக்காரங்க எல்லாரும் அதைப் பிடிச்சுக்கறாங்க.”

இல்லைங்க. பிராக்மாட்டிசத்தை வளர்த்த அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி சொன்னபடி, விசாரணை ஒரு சிக்கலில் தொடங்குகிறது, பதில் அதன் விளைவுகளில் சோதிக்கப்படுகிறது. இதுவே ஒரு தத்துவ நிலைப்பாடுதான். நாகை கடைமடையில் சம்பாவுக்கு ஏன் நேரடி விதைப்பு என்று ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். சர்வேயில் பெரும்பாலோர் ‘தண்ணீர் தாமதம்’ என்று குறிக்கிறார்கள், ஆனால் வரப்பில் உட்கார்ந்து பேசினால் நடவுக்கு ஆள் கிடைக்காததுதான் முதலில் வருகிறது. இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடாமல், அதே சர்வேயில் போர்வெல் வைத்திருப்பவர்களைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்களும் நேரடியாகவே விதைத்திருந்தால் தண்ணீர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இப்படி எண்ணுக்கும் பேச்சுக்கும் மாறி மாறிப் போய்வர இடம் தருவதால்தான் பலர் இதை எடுக்கிறார்கள்.

எண்ணுக்குப் பின்னாலும் பேச்சுக்குப் பின்னாலும் இருக்கும் ‘இரண்டு உலகப் பார்வைகள் ஒட்டாது’ என்று சிலர் சொல்கிறார்கள். பாதி சரி, எண்ணா பேச்சா என்று ஆய்வாளர்களுக்குள் அந்தச் சண்டை உண்மையிலேயே நடந்தது. தன் ஆய்வேட்டில் சர்வேயோடு நான்கு பேட்டி சேர்க்கும் ஒருவர், எந்தக் கேள்விக்காகச் சேர்த்தார் என்று எழுதாவிட்டால் அது பிராக்மாட்டிசம் ஆகாது. அப்புறம், ‘எல்லாரும்’ இல்லை, நம் பார்வைக்கு அப்பாலும் உண்மையான காரணங்கள் இருக்கின்றன என்னும் விமர்சன யதார்த்தவாதத்தில் நிற்கும் கலப்பு முறைக்காரர்களும் இருக்கிறார்கள். விளைவில் ‘பயன்படுகிறது’ என்றால் யாருக்கு, குத்தகைதாரருக்கா நில உரிமையாளருக்கா என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை.