புது போனில் வாட்ஸ்அப்: மெசேஜ் வந்துவிட்டது, மியூட் ஏன் வரவில்லை?

போன் மாற்றி வாட்ஸ்அப்பை ரீஸ்டோர் செய்த பலரும் ஒரே குழப்பத்தைச் சொல்கிறார்கள். பழைய மெசேஜ் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் மேலே பின் பண்ணி வைத்த மூன்று சாட்டும் கீழே போய்விட்டன, மியூட்டில் போட்டிருந்த அபார்ட்மெண்ட் குரூப் விடிய விடியக் கத்துகிறது. இன்னொருவருக்கு எல்லாமே சரியாக வந்திருக்கும். இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு அமைப்பும் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரிந்தால், எது திரும்பி வரும், எது வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போனுக்கு.

போனின் ஃபைல் மேனேஜரில் இந்த இரண்டு ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள்.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
Android/media/com.whatsapp/WhatsApp/Backups
```

முதலாவதில் msgstore.db என்று தொடங்கும் ஃபைல் இருக்கும். மெசேஜ்கள் அதில்தான். சாட் ஆர்க்கைவ் செய்யப்பட்டதா, எந்த மெசேஜுக்கு ஸ்டார் போட்டோம் என்பதும் அதிலேயே பதிவாகிறது. அதனால்தான் மெசேஜ் திரும்பினால் ஆர்க்கைவும் ஸ்டாரும் கூடவே திரும்பிவிடுகின்றன.

பின், மியூட், ஒருவருக்கென்று தனியாக வைத்த ரிங்டோன் ஆகியவை அந்த ஃபைலில் கிடையாது. அவற்றுக்குத் தனி டேட்டாபேஸ் உண்டு. அதன் பேக்கப்தான் Backups ஃபோல்டரில் chatsettingsbackup.db என்று தொடங்கும் ஃபைல். வால்பேப்பருக்கு அதே ஃபோல்டரில் wallpapers.backup என்று இன்னொன்று.

அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். கூகுள் டிரைவ் நிரம்பிவிட்டது என்பதால் கேபிள் போட்டு போனிலிருந்து போனுக்குக் காப்பி செய்பவர்கள், இணையத்தில் படித்ததை நம்பி Databases ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம்பரை உறுதி செய்து ரீஸ்டோர் கொடுத்ததும் மெசேஜ் அத்தனையும் வந்துவிடும், எல்லாம் முடிந்தது என்று தோன்றும். அமைப்புகளின் ஃபைல் பழைய போனிலேயே கிடக்கும். மெசேஜ் முழுசாக இருந்து, ஆர்க்கைவும் சரியாக இருந்து, பின்னும் மியூட்டும் வால்பேப்பரும் மூன்றுமே ஒட்டுமொத்தமாகக் காணோம் என்றால் காரணம் அநேகமாக இதுதான். காப்பி செய்வதானால் com.whatsapp ஃபோல்டரை முழுதாக எடுங்கள். புது போனில் வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் செய்து, நம்பரைப் பதிவு செய்வதற்கு முன்பே அதே இடத்தில் வையுங்கள்.

மூன்றும் போகாமல் ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால், கடிகாரத்தைப் பாருங்கள். போனுக்குள் எடுக்கப்படும் பேக்கப் தினமும் அதிகாலை 2 மணிக்கு நடக்கிறது. காலை 10 மணிக்கு அம்மாவின் சாட்டைப் பின் பண்ணி, மதியம் ஆபீஸ் குரூப்பை மியூட் செய்து, மாலையில் போனை மாற்றினால், கையில் இருப்பது அதிகாலை நிலைமை. அந்த இரண்டு மாற்றமும் அதில் இல்லை. போனை மாற்றப் போகும் நேரத்தில் Settings → Chats → Chat backup போய், Back up என்ற பட்டனை அழுத்திவிட்டு, முடியும் வரை காத்திருப்பதுதான் இதற்கு வழி.

மியூட் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வு உண்டு. முதல் இரண்டிலும் மியூட் எப்போது முடிய வேண்டும் என்ற நேரம்தான் சேமிக்கப்படுகிறது. திங்கட்கிழமை ஒரு வாரம் மியூட் செய்து, பத்து நாள் கழித்து ரீஸ்டோர் செய்தால் அந்தக் குரூப் சத்தம் போடத்தான் செய்யும். மியூட் தொலையவில்லை, கெடு முடிந்துவிட்டது. "எப்போதும்" என்று வைத்ததற்குக் கெடு இல்லை. அதனால் எப்போதோ கோபத்தில் மியூட் செய்த அண்ணனின் சாட் புது போனிலும் அமைதியாகவே வந்து உட்காரும். குரூப் கத்துவதைவிட இதை ஆபத்தாக நினைக்கிறேன். சத்தம் உடனே தெரிந்துவிடும். வராத சத்தத்தை யாரும் தேட மாட்டார்கள்.

பின் பண்ணியவற்றோடு, எந்த நேரத்தில் பின் பண்ணினோம் என்பதும் பதிவாகிறது. வரிசை பிடிக்கவில்லையென்றால் மூன்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மறுபடி பின் பண்ணுங்கள். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

வால்பேப்பர் போய்விட்டது என்பவர்கள் முதலில் போனின் டார்க் மோடைப் பாருங்கள். 2020 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு சாட்டுக்கும் தனி வால்பேப்பர் வைக்கலாம், லைட் மோடுக்கு ஒன்று, டார்க் மோடுக்கு வேறொன்று என்றும் வைக்கலாம். பழைய போன் லைட்டில் இருந்து, புது போன் டார்க்கில் தொடங்கினால், நீங்கள் வைத்த படம் கண்ணில் படாது. மோடை மாற்றிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் ரீஸ்டோரில் குறையே இல்லை. இரண்டிலும் இல்லையென்றால்தான் வால்பேப்பர் ஃபைல் வரவில்லை என்று அர்த்தம்.

தனி ரிங்டோன் பாதி வந்து பாதி வராத வகை. பேக்கப்பில் இருப்பது பாட்டு கிடையாது, பாட்டு போனில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. புது போனில் அந்த முகவரியில் எதுவும் இல்லாததால் சாதாரண டோன்தான் அடிக்கும். பாட்டு ஃபைலைத் தனியாகக் காப்பி செய்து, ஒவ்வொரு சாட்டிலும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது.

போனின் சிஸ்டம் செட்டிங்கில் வாட்ஸ்அப்புக்கென்று நீங்கள் மாற்றியவை வாட்ஸ்அப் பேக்கப்புக்குள் நுழைவதே இல்லை. நோட்டிஃபிகேஷன் வகைகளில் செய்த மாற்றம், பேட்டரி சேமிப்பிலிருந்து கொடுத்த விலக்கு, எல்லாம் பழைய போனோடு போயின. ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்கே தனியாக அனுமதி கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிட்டால், எல்லா சாட்டும் மியூட் ஆனது போலவே இருக்கும். மியூட் அடையாளம் இல்லாத சாட்டிலிருந்தும் சத்தம் வரவில்லையென்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, பிளாக் லிஸ்ட், லாஸ்ட் சீன் யாருக்குத் தெரியலாம் போன்ற பிரைவசி அமைப்புகள், எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறோம் என்பதெல்லாம் கணக்கோடு சர்வரில் இருக்கின்றன. பேக்கப்பே இல்லாமல் அதே நம்பரில் நுழைந்தாலும் வந்துவிடும். டெலிகிராமில் பின் வரிசையும் மியூட்டும்கூட இப்படிக் கணக்கோடு இருப்பதால் அங்கே இந்தப் புலம்பலே எழுவதில்லை. வாட்ஸ்அப்பும் குறைந்தபட்சம் ரீஸ்டோர் முடிந்த திரையில் "மெசேஜ் வந்தது, சாட் அமைப்புகள் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி காட்ட வேண்டும். எத்தனை மெசேஜ் வந்தது என்று காட்ட முடிகிற செயலிக்கு இது கடினமான வேலை அல்ல.

அதுவரை, போனை மாற்றும் முன் சாட் லிஸ்டின் மேல் பகுதியையும், மியூட் அடையாளம் உள்ள சாட்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பி வையுங்கள். மூன்று நான்கு படம் போதும். பழைய போனை அழிப்பதற்கு முன் புது போனை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது குறைந்தால் Backups ஃபோல்டர் அப்போதும் பழைய போனில் இருக்கும், மறுபடி செய்துகொள்ளலாம்.