தட்டில் இருக்கும் உணவை விட, பக்கத்தில் கிடக்கும் குச்சிகள் உண்மை பேசும்

உணவுப் புகைப்படத்தைப் பார்த்து அது எடுக்கப்பட்ட இடத்தைக் கணிக்க முயல்பவர்களில் பெரும்பாலோர், முதலில் உணவின் பெயரைக் கண்டுபிடித்து, அந்த உணவுக்குரிய நாட்டையே விடையாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்த வழக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. சமையல் முறை மனிதர்களோடு எளிதாக இடம்பெயர்ந்துவிடும். ஆனால் உணவகம் மொத்தமாக வாங்கி வைக்கும் கரண்டி, கிண்ணம், சாப்ஸ்டிக் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர்ச் சந்தையில் கிடைப்பவையாகவே இருக்கும்.

கிழக்கு ஆசிய மேசைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். கொரியாவில் சாப்ஸ்டிக் பெரும்பாலும் எவர்சில்வரால் ஆனது. சற்றுத் தட்டையாக இருக்கும். அதனுடன் நீண்ட காம்புள்ள உலோகக் கரண்டி ஒன்றும் இருக்கும், ஏனெனில் அங்கே சோற்றைக் கரண்டியால்தான் உண்கிறார்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கி உண்பது அங்கே மரியாதைக் குறைவு என்பதால், கையைச் சுடும் உலோகக் கிண்ணத்திலும் சோறு பரிமாற முடிகிறது. ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பார்கள். எனவே அது மரத்தாலோ பீங்கானாலோ ஆனதாக இருக்கும். அங்கே சாப்ஸ்டிக் குட்டையாகவும் நுனி கூர்மையாகவும் இருக்கும். உண்பவருக்கு முன்னால், நுனி இடப்பக்கம் நோக்க, குறுக்காக வைக்கப்படும். சீனத்தில் நடுவில் இருக்கும் பொதுத் தட்டுகளை எட்டி எடுக்க வேண்டியிருப்பதால், அது நீளமாகவும் தடிமனாகவும் நுனி மழுங்கியும் இருக்கும். உண்பவரின் வலப்பக்கத்தில் நெடுக்காக வைக்கப்படும்.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு படத்தை அனுப்பி, எந்த ஊர் என்று கேட்டார். பெரிய எவர்சில்வர் கிண்ணத்தில் பழுப்பு நிற மெல்லிய நூடுல்ஸ், பனிக்கட்டி மிதக்கும் குழம்பு, பாதியாக வெட்டிய அவித்த முட்டை, பக்கத்தில் சிறு தட்டில் கிம்ச்சி. குழுவில் இருந்த அனைவரும் சியோல் என்றார்கள். உணவு கொரியாவின் குளிர் நூடுல்ஸ்தான், அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் சாப்ஸ்டிக் கறுப்பாக, உருண்டையாக, நுனி மழுங்கி இருந்தது.

நீளத்தை அளக்க, முதலில் முட்டையோடு ஒப்பிடத் தோன்றியது. ஆனால் முட்டை கிண்ணத்தின் மேல்மட்டத்தில், கேமராவுக்கு அருகில் இருப்பதால், அதன் அளவு பெரிதாகத் தெரியும். அப்படி ஒப்பிட்டால் சாப்ஸ்டிக் உண்மையை விடக் குட்டையாகக் கணக்காகும். மேசைமேல் சமதளமாகக் கிடக்கும் பொருளே அளவுகோலாக வேண்டும். நல்வேளையாக, விடுதி அறையின் சாவி அட்டை ஒன்று சாப்ஸ்டிக்குக்கு இணையாகக் கிடந்தது. வங்கி அட்டையின் அளவிலேயே செய்யப்படும் அத்தகைய அட்டையின் நீளம் சுமார் 8.6 செ.மீ. சாப்ஸ்டிக் அதைப் போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது ஏறக்குறைய 26 செ.மீ. இருந்தது. கொரியச் சாப்ஸ்டிக் என்றால் பெரும்பாலும் இரண்டரை மடங்கை ஒட்டியே நின்றிருக்கும்.

முடிவை உறுதியாக்கியது படத்தின் ஓரத்தில் கசங்கிக் கிடந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைதான். கிண்ணம், குவளை, சிறு தட்டு, பீங்கான் கரண்டி ஆகியவற்றைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, ஒரே உறையில் இறுக்கிச் சுற்றி உணவகங்களுக்கு அனுப்பும் வழக்கம் சீனத்தில் பரவலாக உண்டு. கொரிய உணவும் சீன மேசையும் ஒன்றாகச் சேரும் இடம் என்று தேடினால், சீனாவின் ஜீலின் மாகாணத்தில் 1952-இல் கொரிய இனத்தவருக்கான தன்னாட்சிப் பகுதியாக அமைக்கப்பட்ட யான்பியன் முதலில் நினைவுக்கு வரும். அதன் தலைநகரான யான்ஜி என்று எழுதினேன். நண்பர் அதுவே சரி என்றார்.

இதில் ஊரின் பெயரைப் பொறுத்தவரை என் கணிப்பில் ஊகமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குச்சியும் உறையும் சீனம் வரை மட்டுமே அழைத்துச் சென்றன. ஷாங்காயில் உள்ள ஒரு கொரிய உணவகமும் அதே படத்தைத் தந்திருக்கக்கூடும். மறுபுறம், எவர்சில்வர்ச் சாப்ஸ்டிக்கைக் கண்டவுடன் கொரியா என்று முடிவு கட்டுவதும் பிழை, ஏனெனில் தைவானிலும் அது புழக்கத்தில் உண்டு. வேறு நாடுகளில் கொரிய உணவகம் நடத்துபவர்கள் தங்கள் கடையின் அடையாளத்துக்காகவே அதைத் தருவித்து வைப்பார்கள். ஆகவே, வாடிக்கையாளர் பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருளை நான் குறைவாகவே நம்புகிறேன். பிளாஸ்டிக் உறை, காகிதக் கைக்குட்டை, தண்ணீர்க் குவளை போல் யாரும் அழகுக்காக வைக்காத பொருள்களுக்கே கூடுதல் மதிப்புத் தருகிறேன்.

இடவல அமைப்பை நம்புவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய மேசையில் சோறு இடப்பக்கமும் சூப் வலப்பக்கமும் வைப்பது மரபு. படத்தில் அது மாறியிருந்தால், முதலில் குவளையிலோ உறையிலோ உள்ள எழுத்துகளைப் பாருங்கள். அவை திரும்பித் தெரிந்தால், மாறியது மேசை அல்ல, கைப்பேசியின் முன்கேமரா கண்ணாடிபோல் திருப்பிய படம். எழுத்துகள் நேராகவே இருந்தால், எதிரே அமர்ந்தவரின் பக்கத்திலிருந்து படம் எடுக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்த ஊகத்துக்குப் போக வேண்டும்.