ஸ்டெப்னி இருக்கு, சரி. இறங்குமா?

மே மாதம் பிறந்தால் மும்பையின் செம்பூர், சயான், டோம்பிவிலி பக்கமிருந்து நம் ஆட்கள் பாதிப் பேர் காரிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகத் திருநெல்வேலி வரை. கிளம்புமுன் ஆயில் மாற்றுவார்கள், நாலு டயருக்கும் காற்று பிடிப்பார்கள், கண்ணாடியில் எலுமிச்சம்பழம்கூடத் தொங்கும். ஐந்தாவது டயரை மட்டும் யாரும் தொடுவதில்லை. சர்வீஸ் பில்லில் 'ஸ்டெப்னி சரிபார்க்கப்பட்டது' என்று டிக் இருக்கும். அந்த டிக்கை நான் நம்புவதில்லை. டயரைக் கீழே இறக்காமல் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. இறக்கியிருந்தால் அதன் மேல்பக்கத்தில் இத்தனை வருஷச் சேறு அப்படியே இருக்காது.

டிக்கிக்குள் படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கு இந்தப் பதிவு இல்லை. ஏழு பேர் போகும் வண்டிகளிலும் பெரிய எஸ்யூவிகளிலும் பின்பக்கம் வண்டிக்கு அடியில், கம்பிக் கயிற்றிலோ செயினிலோ தொங்குகிறதே, அதற்குத்தான்.

அந்த அமைப்பு எளிமையானது. சேஸிஸில் போல்ட் போட்ட ஒரு சின்ன வின்ச். உள்ளே ஒரு பல்சக்கரமும் கயிறு சுற்றும் உருளையும் இருக்கும். கயிற்றின் நுனியில் ஓர் இரும்புத் தட்டு. அந்தத் தட்டு, டயர் மாட்டிய டிஸ்க்கின் நடு ஓட்டைக்குள் புகுந்து, அடியிலிருந்து டயரைத் தாங்கிப் பிடிக்கும். பின்கதவுக்கு அருகிலுள்ள துளை வழியாக ஜாக்கி ராடை விட்டு இடப்பக்கம் சுற்றினால் இறங்கும், வலப்பக்கம் சுற்றினால் ஏறும்.

இதில் எல்லோரும் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. வின்ச் டயரைக் கீழே தள்ளுவதில்லை, கயிற்றை மட்டும்தான் விடுகிறது. இறங்குவது டயரின் சொந்த எடையில்தான். டிஸ்க்கோடு சேர்த்து இருபது கிலோவை ஒட்டி வரும். மும்பையின் உப்புக் காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பின்சக்கரங்கள் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரும் சேர்ந்து டிஸ்க்கை மேலே அது அழுந்தி நிற்கும் இரும்போடு துருவால் ஒட்டிவிடும். ஹிந்த்மாதா மாதிரி தண்ணீர் தேங்கும் தெருவில் ஒரு தடவை முக்கால் சக்கரம் முங்கிய வண்டி என்றால் வின்ச்சுக்குள்ளேயே சேறு போயிருக்கும். இப்போது ராடைச் சுற்றினால் என்ன ஆகும்? கை சுலபமாகச் சுற்றும், டயர் அசையாது. அவிழ்ந்த கயிறு கீழே வர இடமில்லாமல் உருளைக்குள்ளேயே தளர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நூல்கண்டு சிக்கிய மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் சுற்றினாலும் நகராது. துருவால் சிக்கியது பாதி, அவசரத்தில் சுற்றியே சிக்கவைத்தது மீதி.

ஆகவே 2 சுற்று சுற்றியதும் நிறுத்திவிட்டுக் குனிந்து பாருங்கள். டயர் இறங்கியிருக்கிறதா? இல்லையென்றால் இதற்குமேல் சுற்றாதீர்கள். விட்ட 2 சுற்றையும் மெல்லத் திருப்பிச் சுற்றிக் கயிற்றை இறுக்கிவிட்டு வேறு வழி பாருங்கள்.

வேறு வழி என்றால் இதுதான். வண்டி சமதரையில், நாலு சக்கரமும் தரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்குக் கீழே தலையை நுழைக்கக் கூடாது. பஞ்சர் ஆன நிலையிலும் முதலில் ஸ்டெப்னியை இறக்குங்கள், அப்புறம் வண்டியைத் தூக்குங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயைக் கயிறு வின்ச்சுக்குள் போகும் இடத்திலும், ராடு பொருந்தும் துளையிலும், டிஸ்க் மேலே இரும்போடு சேரும் விளிம்பிலும் அடித்துவிட்டு அரைமணி நேரம் விடுங்கள். முடிந்தால் முந்தின நாள் ராத்திரியே அடித்துவிடுங்கள். அடித்த மறு நிமிஷமே ராடை முறுக்கினால் ஸ்பிரே வாங்கிய காசு வீண்.

அப்புறம் வண்டியின் ஜாக்கியையே ஸ்டெப்னிக்கு அடியில், ஒரு மரக்கட்டை வைத்து நிறுத்தி, டயரை ஒரு விரற்கடை மேலே தூக்குங்கள். தட்டின் மேல் இருக்கும் பாரம் விலகும். சில வண்டிகளில், கயிறு அறுந்தாலும் டயர் ரோட்டில் விழாமல் பிடிக்க இரண்டாவது கொக்கி ஒன்று இருக்கும். அது மாட்டிக்கொண்டிருந்தாலும் இப்படித் தூக்கினால்தான் விடும். தூக்கிய நிலையில் 3, 4 சுற்று கயிறு விட்டு, ஜாக்கியை மெல்ல இறக்குங்கள். டயர் கூடவே வந்தால் தப்பித்தீர்கள். வராமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், வண்டிக்கு வெளியே நின்றபடி ரப்பர் சுத்தியலால் டயரின் பக்கவாட்டில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஜாக்கியை முழுவதும் எடுத்துவிடாமல் நாலு விரல் கீழே விட்டு வையுங்கள், திடீரென்று விழுந்தால் அது தாங்கும்.

ராடே சுற்ற மறுக்கிறதென்றால் பல்சக்கரம் பிடித்திருக்கிறது. ஸ்பிரே அடித்து, கால் சுற்று ஏற்றும் பக்கம், கால் சுற்று இறக்கும் பக்கம் என்று பொறுமையாக ஆட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மெக்கானிக்கின் காற்றுத் துப்பாக்கியை அந்தத் துளையில் வைக்க விடாதீர்கள். வீல் நட்டுக்கு ஆன கருவி அது. இந்தச் சின்னப் பல்சக்கரத்தின் பற்களை ஒரு நொடியில் மழித்துவிடும். எதற்கும் மசியாவிட்டால் கயிற்றை வெட்டுவதுதான் கடைசி வழி. போல்ட் கட்டரால் வெட்டுங்கள். கிரைண்டரும் கேஸ் கட்டரும் அங்கே வேண்டாம்: பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், பின்விளக்கு ஒயர் எல்லாம் தீப்பொறி பறக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இத்தனையும் செய்து இறக்கிய டயர் எப்படி இருக்கும்?

2016இல் பதிவான ஒரு வண்டியை 2024இல் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலு டயரும் புதுசு. ஸ்டெப்னியைக் கழுவிப் பார்த்தால் ரோட்டில் படும் ரப்பர் பட்டன் அளவு முழுசாக இருக்கிறது, அச்சிலிருந்து வந்தபோது இருந்த சின்ன ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. 'ஒரு கிலோமீட்டர்கூட ஓடல சேட்' என்று விற்றவர் சொன்னது சத்தியம். இப்போது பக்கச்சுவரில் டிஓடி என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசியில் நீள்வட்டக் கட்டத்துக்குள் 4 எண்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். இந்த டயரில் 4715. அதாவது 2015ஆம் வருஷத்தின் 47ஆவது வாரம், நவம்பர் நடுப்பகுதி. வாங்கிய அன்றே எட்டு வயது தாண்டிவிட்டது. தேதி இல்லாத டிஓடி வரிசை கண்ணில் பட்டால் டயரைப் புரட்டுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் தேதி அடித்திருப்பார்கள். தொங்கும் ஸ்டெப்னியில் அந்தப் பக்கம் மேலே பார்த்திருந்தால், இறக்காமல் வயது தெரியாது.

ஓடாத டயருக்கு எப்படி வயசாகும் என்று கேட்பார்கள். ரப்பரைக் கெடுப்பது ஓட்டம் மட்டுமல்ல, ஆக்ஸிஜனும் சூடும்தான். ஸ்டெப்னிக்குள் அடைத்த காற்று வருஷக்கணக்கில் ரப்பருக்குள் மெல்லக் கசிந்து, உள்ளே இரும்புக் கம்பி அடுக்கைப் பிடித்திருக்கும் ரப்பரை இறுகவைக்கிறது. வெளியே வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் நன்றாக மேலே வந்து பூசிக்கொள்ளும். உருளாத டயருக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு. சில வண்டிகளில் சைலன்சர் சூடும் பக்கத்திலேயே. அதனால் பட்டனின் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியைக் கட்டைவிரலால் விரித்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு வரிகள் அங்கேதான் முதலில் தெரியும். வரி தெரியவில்லை என்பதால் உள்ளே நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தமில்லை.

பல கார் கம்பெனிகள் கையேட்டில் 6 வருஷத்தில் மாற்றச் சொல்கின்றன, ஸ்டெப்னியையும் சேர்த்து. சில டயர் கம்பெனிகள் 10 வருஷம் என்று மேல்வரம்பு வைக்கின்றன. மும்பை மாதிரி சூடும் ஈரமும் உள்ள ஊரில் நான் 6 பக்கம்தான் நிற்பேன். 7, 8 வயதான ஸ்டெப்னி, அடுத்த டயர் கடை வரை 60, 70 வேகத்தில் ஊர்ந்து போகத்தான். ஏழு பேரும் பெட்டிகளுமாக 100இல் சித்ரதுர்கா தாண்டுவதற்கு இல்லை.

காற்றையும் பார்த்துவிடுங்கள். டயர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாக இழக்கும். இரண்டு வருஷம் தொடாத ஸ்டெப்னி பாதி காற்றில் இருந்தால் ஆச்சரியமில்லை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட 4, 5 கூடுதலாக அடித்து வையுங்கள், தேவைப்படும்போது குறைத்துக்கொள்வது சுலபம். ரப்பர் வால்வின் அடியை வளைத்துப் பாருங்கள், வெடித்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்டெப்னியும் மற்ற நாலும் ஒரே அளவாக இருந்தால், 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஐந்தையும் சேர்த்து இடம் மாற்றுவது நல்ல ஏற்பாடு. டயரும் உழைக்கும், வின்ச்சும் துரு பிடிக்க நேரமிருக்காது. ஆனால் இதைப் புதுசில் தொடங்க வேண்டும். பாதி தேய்ந்த டயரோடு முழுப் பட்டன் ஸ்டெப்னியை ஒரே அச்சில் ஜோடி சேர்க்காதீர்கள். அது தவறிப்போனவர்கள், நாலு டயர் மாற்றும்போது கழற்றியதில் வயது குறைந்த நல்லதொன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம்.

திரும்ப ஏற்றும்போது கயிற்றை முழுவதும் வெளியே விட்டு, தண்ணீரடித்துக் கழுவி, காயவைத்து, பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பூசுங்கள். கட்டிக் கிரீஸ் வேண்டாம், மணலைப் பிடித்து வைக்கும். தட்டு ஓட்டையில் சாய்வாக மாட்டாமல் நேராக உட்கார்ந்ததா பார்த்து, கையால் மட்டும் சுற்றி, 'கடக்' என்று சத்தம் வரும்வரை ஏற்றுங்கள். அப்புறம் இரண்டு கையாலும் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். துளி ஆட்டமிருந்தாலும் போகப்போக கயிற்றின் இழை அறும். மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

கயிறு வெட்டியவர்கள் குர்லா சிஎஸ்டி ரோட்டில் பழைய வின்ச் தேடலாம். காசு கொடுக்குமுன் கடையிலேயே ராடு போட்டுக் கயிறு முழுவதையும் வெளியே இழுத்துப் பாருங்கள். முன்பக்கம் பளபளக்கும். உருளையோடு ஒட்டிய கடைசி இரண்டு சுற்று சிவந்திருந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.